நிலையான காந்தமும் புல்மோட்டை மணலும்

வினா: ஒலிபெருக்கியில் பெரைற்றுக் காந்தத்துக்குப் பதிலாக நியோடிமியக் காந்தம் பயன்படுத்தினால் கனவளவு குறைவது ஏன்?

விடை: காந்தமொன்றின் ஓரலகுக் கனவளவிலிருந்து பெறத்தக்க சக்தியின் அளவு, சக்திப் பெருக்கம் எனப்படும். ஒரு கன மீற்றருக்குப் பெரைற்றில் இது ஏறத்தாழ 30 கிலோயூல். நியோடிமியம், இரும்பு, போரன் சேர்ந்த காந்தத்தில் ஏறத்தாழ 300 கிலோயூல். எனவே 10 கன சென்ரிமீற்றர் பெரைற்றுக்கு 1 கன சென்ரிமீற்றர் ஈடாகும்.

காந்தத்தன்மையை நீக்குவதற்கு எதிர்த்திசையில் பிரயோகிக்க வேண்டிய புலம், காந்தநீக்கப் புலம் ஆகும். நியோடிமியக் காந்தம் சூடாகும்போது இது விரைவாகக் குறையும். ஆகவே மின்காரின் மோட்டர்க் காந்தங்களில் டிஸ்புரோசியம் சிறிதளவு சேர்த்து அதனை உயர்த்துவர்.

கவனிக்க: புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள மொனசைற்றில் நியோடிமியம் உண்டு, டிஸ்புரோசியமோ மிகச் சொற்பம். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்புரோசிய ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் தேவை என விதித்தபோது, பிற நாடுகளில் காந்தத் தட்டுப்பாடு ஏற்பட்டது இதனாலேயே: நியோடிமியம் கிடைத்தாலும் வெப்பம் தாங்கும் காந்தத்துக்கு அது மட்டும் போதாது.