உணவுப் பொருள் விற்க அனுமதிக் கடிதம்

இணையச் சந்தையில் இட்லிப்பொடி விற்க அனுமதி கேட்கும் கடிதத்தில், "ஆவணங்களை இணைத்துள்ளேன்" என்பது மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எதற்குச் சான்று என்று எழுதுங்கள்: "1. உணவுப் பாதுகாப்புப் பதிவு (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.), 14 இலக்க எண்ணுடன்; 2. அதே பெயரில் ஜி.எஸ்.டி. சான்றிதழ்; 3. அந்தப் பதிவு எண்ணும் பச்சைப் புள்ளியும் தெளிவாகத் தெரியும் பாக்கெட் படங்கள்."

கோப்புகளைத்தான் பதிவேற்றிவிட்டோமே, பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். உணவுப் பதிவில் வீட்டு முகவரியும் ஜி.எஸ்.டி.யில் கடை முகவரியும் இருந்தால், இரண்டும் ஒரே தொழில்தான் என்று சரிபார்ப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. நிராகரிக்கவே வாய்ப்பு அதிகம். பட்டியல் எழுதும்போதே அந்த முரண் உங்கள் கண்ணில் பட்டுவிடும். கடிதத்தில் விளக்கம் சொல்வதைவிட, வீட்டை ஜி.எஸ்.டி.யில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்து, திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தபின் விண்ணப்பியுங்கள்.