பலகை ஏன் தூக்கி அடிக்கிறது? – பாரமும் தூரமும் பற்றிய ஒரு பாடம்

லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும், கூரைத் தகரம் மாற்றும்போதும் இரண்டு பீப்பாயை வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு ஏறி நிற்பது நம் தோட்டங்களில் வழக்கம். இந்த வேலையில் விழுகிறவர்கள் எல்லாரும் பலகை முறிந்துதான் விழுகிறார்கள் என்றில்லை. "பலகை ஒடையலீங்க, அப்படியே தூக்கி அடிச்சிருச்சி" என்று சொல்பவர்களும் உண்டு. முறியாத பலகை ஏன் தூக்கி அடிக்கிறது என்பதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம். க.பொ.த. சாதாரணதர விஞ்ஞானத்தில் நம் பிள்ளைகள் படிக்கிற 'விசையின் திருப்பம்' என்ற பாடமும் இதுதான். ஆகவே பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.

பாரம் மட்டும் போதாது, தூரமும் வேண்டும்

பிள்ளைகள் விளையாடுகிற ஏறி இறங்கும் பலகையை எடுத்துக்கொள்வோம். நடுவில் பலகையைத் தாங்குகிற இடத்துக்குப் பொறுதி என்று பெயர். 30 கிலோ பிள்ளை ஒரு பக்கமும் 20 கிலோ பிள்ளை மறுபக்கமும் ஒரே தூரத்தில் உட்கார்ந்தால் பெரிய பிள்ளையின் பக்கம் கீழே போய்விடும். பெரிய பிள்ளை பொறுதியிலிருந்து 1 மீற்றரிலும், சின்னப் பிள்ளை 1.5 மீற்றரிலும் உட்கார்ந்தால் பலகை மட்டமாக நிற்கும்.

ஏனென்றால் பலகையைத் திருப்புவது பாரம் மட்டும் அல்ல. பாரத்தையும், பொறுதியிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கி வருவதுதான் திருப்பம். 30 ஐ 1 ஆல் பெருக்கினால் 30. 20 ஐ 1.5 ஆல் பெருக்கினாலும் 30. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் சமநிலை. ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் இறங்கும். பாடசாலையில் கிலோவை நியூற்றனாக மாற்றிக் கணக்குச் செய்யச் சொல்வார்கள். பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்குவதால் பலகை எந்தப் பக்கம் சாயும் என்ற விடை மாறாது. நாம் இங்கே கிலோவிலேயே கணக்குப் பார்ப்போம்.

பலகைக்கும் பாரம் உண்டு

பொறுதி பலகையின் நடுவில் இருக்கும்போது பலகையின் சொந்தப் பாரத்தைக் கவனிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி. பொறுதி நடுவைவிட்டு விலகினால்தான் அது கணக்கில் வருகிறது. எங்கும் ஒரே அகலமும் ஒரே தடிப்பும் உள்ள பலகையைச் சீரான பலகை என்போம். சீரான பலகையின் முழுப் பாரமும் அதன் சரி நடுவில் தொங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். இந்த இடத்தைத்தான் ஈர்ப்பு மையம் என்கிறார்கள்.

இப்போது பீப்பாய்ப் பலகைக்கு வருவோம். பலகை 4 மீற்றர் நீளம், பாரம் 24 கிலோ. இடது முனை ஒரு பீப்பாயின் மேல். வலது பக்கத்துப் பீப்பாயைத் தாண்டிப் பலகை 1 மீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவரின் மூலைக்கு எட்ட வேண்டும் என்று இப்படிப் போடுவார்கள்.

இரண்டு பீப்பாய்க்கும் நடுவில் ஆள் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. அவர் வலது பீப்பாயைத் தாண்டிக் கால் வைத்தவுடன் அந்தப் பீப்பாய் பொறுதியாகிவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பொறுதி பீப்பாயின் நடு அல்ல, அதன் வெளி விளிம்பு. பலகை அந்த விளிம்பில்தான் திரும்பும். ஆகவே தூரத்தை அளக்கும்போது அந்த விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும்.

பலகையின் நடு, முனையிலிருந்து 2 மீற்றரில் இருக்கிறது. பொறுதி அதே முனையிலிருந்து 1 மீற்றரில் இருக்கிறது. ஆகவே பலகையின் பாரம் பொறுதிக்கு உள்பக்கம் 1 மீற்றர் தூரத்தில் அழுத்துகிறது. பலகையின் திருப்பம் 24 ஐ 1 ஆல் பெருக்க 24. ஆளைப் பிடித்து நிறுத்துவது இவ்வளவுதான்.

ஆளின் பாரம் 60 கிலோ என்றால், அவர் எவ்வளவு தூரம் வெளியே போகலாம்? 24 ஐ 60 ஆல் வகுத்தால் 0.4 மீற்றர், அதாவது 40 சென்ரிமீற்றர். அந்த இடத்தில் பலகை மயிரிழையில் நிற்கும். அதற்கு மேல் ஓர் எட்டு வைத்தால் இடது முனை கிளம்பிவிடும். கையில் 15 கிலோ சாந்து வாளி இருந்தால் மொத்தம் 75 கிலோ. 24 ஐ 75 ஆல் வகுக்க 32 சென்ரிமீற்றர்தான் வரும். நேற்று வாளி இல்லாமல் நின்ற அதே இடத்தில் இன்று வாளியோடு நின்றால் கவிழ்வது இதனால்தான்.

உதவியாள் எழுந்தால்

சிலர் மறுமுனையில் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டு வெளியே போவார்கள். 50 கிலோ உள்ள ஒரு தம்பி இடது முனையில், பொறுதியிலிருந்து 3 மீற்றரில் உட்கார்ந்தால் அவருடைய திருப்பம் 150. பலகையின் 24 ஐயும் சேர்த்தால் 174. வெளி முனையில் நிற்கும் 60 கிலோ ஆளின் திருப்பம் 60 மட்டுமே. பலகை அசையாது. வேலை செய்கிறவருக்கும் பயம் விட்டுப்போகும்.

பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்றோ, ஆணி எடுக்க வேண்டும் என்றோ தம்பி இறங்குவார். அந்த நொடியில் 174 திரும்பவும் 24 ஆகிவிடும். எதிரே 60. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அனுபவப்பட்ட மேசன்மார் "தம்பி, நா உள்ளுக்கு வர்ற வரைக்கும் நீ எந்திரிக்கப்படாது" என்று முதலிலேயே சொல்லி வைப்பது இதற்காகத்தான். ஆனால் ஓர் ஆளின் ஞாபகத்தை நம்பி இன்னோர் ஆளின் உயிரை வைப்பது நல்ல ஏற்பாடு அல்ல.

ஆளுக்குப் பதிலாகக் கல் வைத்தால் எழுந்து போகாது. வெளி முனையில் 60 வேண்டும், பலகை 24 தருகிறது, மிச்சம் 36. இடது முனை 3 மீற்றரில் இருப்பதால் 12 கிலோக் கல் சரியாகச் சமன் செய்யும். சரியாகச் சமன் என்றால் போதாது. ஆள் அசைவார், குனிவார், வாளியைத் தூக்குவார். அதனால் இரண்டு மடங்கு, 25 கிலோவாவது வைத்து, உருளாமல் கயிற்றால் கட்ட வேண்டும். கல்லை முனையிலேயே வைக்க வேண்டும். அதே 12 கிலோக் கல்லைப் பொறுதியிலிருந்து 1 மீற்றரில் வைத்தால் 36 க்குப் பதில் 12 தான் கிடைக்கும்.

பீப்பாயை நகர்த்துவதே நல்லது

கல் வைப்பதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. வலது பீப்பாயை 70 சென்ரிமீற்றர் வெளியே தள்ளி வையுங்கள். இப்போது பலகை 30 சென்ரிமீற்றர்தான் நீட்டியிருக்கும். பலகையின் நடு பொறுதியிலிருந்து 1.7 மீற்றராகிவிட்டது. 24 ஐ 1.7 ஆல் பெருக்க 40.8. ஆள் கடைசி முனையில் நின்றாலும் 60 ஐ 0.3 ஆல் பெருக்க 18 தான்.

முன்பு 24 க்கு எதிரே 60 இருந்தது. இப்போது 40.8 க்கு எதிரே 18. ஒரே நகர்த்தலில் பலகையின் தூரம் கூடியது, ஆளின் தூரம் குறைந்தது. பொறுதியை நகர்த்தும்போது இரண்டு பக்கமும் நமக்குச் சாதகமாக மாறுவதால்தான் பலன் இவ்வளவு பெரியதாக இருக்கிறது. மூலைக்கு எட்டவில்லை என்றால் இறங்கிப் பீப்பாயை மாற்றிப் போடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பலகையின் பாரத்தை அறிவது எப்படி?

தராசு தேவையில்லை. பலகையைத் தரையில் ஓர் இரும்புக் குழாயின் மேல் குறுக்காக வைத்து, மட்டமாக நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பலகை சீரானது என்றால் அந்தக் குறி சரி நடுவில் இருக்கும். ஒரு முனை ஈரம் குடித்திருந்தாலோ தடிப்பாக இருந்தாலோ குறி அந்தப் பக்கம் விலகும். அப்போது அளந்த நடுவை விட்டுவிட்டு இந்தக் குறியையே ஈர்ப்பு மையமாகக் கொள்ள வேண்டும்.

அடுத்து, குழாயை அந்தக் குறியிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். நீளமான பக்கம் இறங்கும். கட்டையான பக்கத்தில் 10 கிலோ அரிசிப் பையை வைத்து, பலகை மட்டமாகும்வரை நகர்த்துங்கள். பையின் நடு குழாயிலிருந்து 1.2 மீற்றரில் இருக்கும்போது மட்டமானால், 10 ஐ 1.2 ஆல் பெருக்க 12. அதை 0.5 ஆல் வகுக்க 24 கிலோ. இதுவே பலகையின் பாரம்.

இந்தக் கணக்கு பலகை தூக்குமா தூக்காதா என்பதை மட்டுமே சொல்லும். பலகை முறியுமா, பீப்பாய் சரியுமா என்பதைச் சொல்லாது. வெடிப்பும் பெரிய கணுவும் உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். பீப்பாயை மட்டமான, இறுகிய நிலத்தில் வையுங்கள். வேலை நடக்கும்போது கீழே நிற்பவர் தூரத்துப் பீப்பாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகைக்கும் பீப்பாய்க்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் உடனே "உள்ளுக்கு வாங்க" என்று குரல் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

சீரான பலகை 3 மீற்றர், பாரம் 18 கிலோ. ஒரு முனை பீப்பாயின் மேல். மறுமுனை மற்றப் பீப்பாயின் விளிம்பைத் தாண்டி 50 சென்ரிமீற்றர் நீட்டியிருக்கிறது. 60 கிலோ மாமா 12 கிலோ வாளியோடு நிற்கிறார். விளிம்பைத் தாண்டி அவர் எவ்வளவு தூரம் போகலாம்?

விடை: பலகையின் நடு முனையிலிருந்து 1.5 மீற்றர். பொறுதியிலிருந்து 1 மீற்றர். பலகையின் திருப்பம் 18. மாமாவும் வாளியும் சேர்ந்து 72 கிலோ. 18 ஐ 72 ஆல் வகுக்க 0.25. ஆகவே 25 சென்ரிமீற்றரில் பலகை சமநிலையின் எல்லைக்கு வந்துவிடும். நீட்டியிருப்பது 50 சென்ரிமீற்றர் என்பதால், மாமா முனைக்குப் போக முன்பே பலகை தூக்கி அடிக்கும். இந்தப் பலகையில் பீப்பாயை எவ்வளவு நகர்த்தினால் மாமா முனைவரை போனாலும் பலகை தூக்காது என்பதை நீங்களே கணித்துப் பாருங்கள்.