பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் போட்டோ

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 22 வருடம் கணவரோடு வாழ்ந்து, கடைசி எட்டு மாதம் டயாலிசிஸுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போய் வந்தவர் நீங்கள். பென்ஷன் புத்தகத்தில் அவர் பக்கத்தில் இருப்பதும் உங்கள் போட்டோதான். ஊரில் இருக்கும் முதல் மனைவி ஒரு மனு கொடுத்ததும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களே, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், உங்களுக்கு வலித்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

போட்டோவும் நாமினேஷனும் உங்களை மனைவி ஆக்காது. குடும்ப ஓய்வூதியம் அவர் சேர்த்து வைத்த சொத்து அல்ல. விதி யாரைக் குடும்பம் என்கிறதோ அவருக்கு அரசு நேரடியாகத் தருவது. 1991-ல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் உயில் எழுதி வைத்திருந்தாலும் இந்தப் பணத்தை அது கட்டுப்படுத்தாது.

உங்கள் பக்கத்து வீட்டு வாத்தியார் எடுத்துக் காட்டியதாக நீங்கள் எழுதிய விதி உண்மையானதுதான். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ல் 49-ஆம் விதி, ஒன்றுக்கு மேற்பட்ட விதவைகள் இருந்தால் சமமாகப் பிரித்துத் தரச் சொல்கிறது. ஆனால் விதவை என்றால் சட்டப்படி மனைவியாக இருந்தவர். இஸ்லாமிய ஊழியர் குடும்பத்தில் அந்த வரி அப்படியே பொருந்தும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படியோ, முதல் மனைவி உயிரோடு இருந்து விவாகரத்தும் ஆகாதபோது நடக்கும் இரண்டாம் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் அந்தக் குறை தீராது. முதல் மனைவி எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் அதனால் மட்டும் அவர் உரிமை போய்விடாது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த முதல் கல்யாணம் சட்டப்படி முறிந்ததா? ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரம் இருக்கிறது என்கிறீர்கள். வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பத்திரம் மட்டும் போதாது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பத்திரத்துக்குப் பிறகு அவர் சம்பளத்தில் முதல் மனைவிக்கு ஜீவனாம்சம் பிடித்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவி என்ற முறையில் நீதிமன்றம் கொடுத்த உத்தரவாக அது இருந்தால், உங்கள் பத்திரத்தின் பலம் பெரிதும் குறையும். முதலில் அந்த உத்தரவின் நகலை வாங்கிப் பாருங்கள்.

உங்கள் மகளின் நிலை வேறு. அவள் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி சட்டப்பூர்வமான பிள்ளை. பீகார் அரசு அதிகாரி ஒருவர் 1987-ல் இறந்த பிறகு இரண்டு மனைவியருக்கும் இதே தகராறு வந்தது. ராமேஷ்வரி தேவி வழக்கு என்பார்கள். இரண்டாம் மனைவிக்கு ஓய்வூதியம் இல்லை, அவருடைய மைனர் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்பதை 2000-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கணக்காகச் சொல்கிறேன். அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் அதில் 30 சதவீதம், அதாவது 12,000. அகவிலைப்படி தனி. அது இரண்டாகப் பிரிந்தால் முதல் மனைவிக்கு 6,000, உங்கள் மகளுக்கு 6,000. அவளுக்கு இப்போது 14 வயது. 18 வரை காப்பாளர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்குவீர்கள். பிறகு 25 வயது வரை அவள் பெயரிலேயே வரும். இடையில் கல்யாணமானாலோ, சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கினாலோ நின்றுவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். தன் உரிமையையும் பிள்ளையின் உரிமையையும் ஒரே மனுவில் எழுதிவிடுகிறார்கள். மனைவி யார் என்ற தகராறு தீரும்வரை பிள்ளையின் பங்கும் சேர்ந்தே கிடப்பில் கிடக்கிறது. இரண்டு மனைவியர் தகராறு என்றால் தாசில்தார் வாரிசுச் சான்று தராமல் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். அங்கே வருடங்கள் ஓடும். மகளின் படிப்பு அதுவரை காத்திருக்காது. அதனால் அவளுக்கென்று தனி மனு கொடுங்கள். தகப்பன் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல்களை இணையுங்கள். அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் வழியாக மாநிலக் கணக்காயருக்கு அனுப்பச் சொல்லி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மனைவியின் பங்கை நீங்கள் மறுக்கவில்லை என்று அதில் ஒரு வரி சேர்க்க முடிந்தால், அந்த அம்மாவுக்கும் ஆட்சேபிக்கக் காரணம் குறையும். அவரும் இத்தனை காலம் தனியாகக் கிடந்தவர்தானே.

உங்களுக்கான வழக்கைப் போடுவதா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம். அந்த விடுதலைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்