திரும்பப் பெற வராத சரக்கு: கெடு முடியுமுன் நுகர்வோர் செய்ய வேண்டியவை

மின்வணிகத்தில் வாங்கிய பொருள் பழுதுடையதாயின், விற்பனைத் தளம் குறிப்பிட்ட நாட்களுக்குள் அதைத் திருப்பி அனுப்பக் கோரலாம். கோரிக்கை பதிவானதும், பொருளை எடுத்துச் செல்லக் கூரியர் ஊழியர் வருவார் என்று செய்தி வரும். ஆனால் ஊழியர் வராமலேயே நாட்கள் கழிந்து, கெடுவும் முடிந்துவிடும் நேர்வுகள் உள்ளன.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்பாட்டின் அமைப்பிலேயே உள்ளது. திரும்ப எடுக்கும் பணியைத் தளத்தின் சார்பில் கூரியர் நிறுவனம் செய்கிறது. அன்று முடியாத பணிக்கு ஊழியர் ஏதேனும் ஒரு காரணத்தைப் பதிந்தாக வேண்டும். "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை", "வாடிக்கையாளர் தேதியை மாற்றினார்" என்பன எளிதில் பதியக்கூடிய காரணங்கள். இத்தகைய பதிவுகள் சில முறை சேர்ந்ததும், கோரிக்கை தானாகவே ரத்தாகும் முறையைத் தளங்கள் வைத்திருப்பதுண்டு. கெடு முடிந்தபின் ரத்தானால் புதிய கோரிக்கையைப் பதியத் திரையில் வழி இராது. ஆகவே கோரிக்கையைப் பதிந்ததோடு கடமை முடிந்ததெனக் கொள்ளலாகாது. அது உயிரோடு உள்ளதா என்று நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜபல்பூரில் வசிக்கும் ஒருவருக்கு 3,400 ரூபாய் விலையுள்ள மிக்ஸி 4-ஆம் தேதி வந்து சேர்கிறது எனக் கொள்க. கெடு ஏழு நாட்கள். 11-ஆம் தேதி முடிகிறது. மோட்டார் ஓடாததால் 5-ஆம் தேதி கோரிக்கை பதிகிறார். 6, 7 ஆகிய இரு நாட்களும் எவரும் வரவில்லை. ஆனால் "வீட்டில் இல்லை" என்ற செய்தி வருகிறது. இந்நிலையில் அவர் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, சான்று திரட்டல். கோரிக்கை எண், பதிந்த தேதி, ஒவ்வொரு தவறான செய்தி ஆகியவற்றைத் திரைப்படமாகச் சேமிக்க வேண்டும். அந்நேரத்தில் அழைப்பு எதுவும் வரவில்லை என்பதைக் காட்டும் கைப்பேசி அழைப்புப் பட்டியலும் தேவை. பழுதையும் பொருளின் வரிசை எண்ணையும் ஒரே காணொளியில் பதிவது நல்லது.

இரண்டாவது, எழுத்து வழிப் புகார். இரண்டாம் முறை தவறியவுடன், 8-ஆம் தேதியே இதைச் செய்ய வேண்டும்; கடைசி நாள்வரை காத்திருத்தல் கூடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். புகாரில் மூன்று செய்திகள் போதும்: கோரிக்கை கெடுவுக்குள் பதிவானது, பொருள் ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளது, எடுக்க வராதது தளத்தின் தவறாதலால் கெடு கடந்தது எனக் கூறிக் கோரிக்கையை மறுக்கலாகாது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசியில் பேசுவோர், "இதை ரத்து செய்துவிட்டு மீண்டும் பதியுங்கள்" என்று கூறினால் இணங்கலாகாது. ரத்து செய்தவர் நுகர்வோரே என்ற பதிவு உண்டாகி, முந்தைய தேதியின் பயன் போய்விடும்.

மூன்றாவது, தாமே அனுப்புதல். திருப்பி அனுப்பும் முகவரியையும் செலவை ஏற்பதையும் தளம் எழுத்தில் தெரிவித்தால், விரைவு அஞ்சலில் அனுப்பி, எடை குறித்த ரசீதைக் காக்கலாம். எழுத்து வழி இசைவின்றி அனுப்பினால் சரக்கு ஏற்கப்படாமல் போகலாம்.

10-ஆம் தேதியும் பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அது நிறுவனத்துடன் பேசித் தீர்க்க முயலும். ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. அதுவும் பயன்தராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாம் வசிக்கும் இடத்திலேயே, வழக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருப்பின் கட்டணமில்லை.

இங்கு ஒரு வரம்பை உணர்தல் வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்பது விற்பனையாளர்மீது மேற்படி விதிகள் சுமத்தும் கடமை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பன போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. அங்கே தளம் அறிவித்த நிபந்தனையே அடிப்படை. எனவே கோரிக்கை பதியும்போது காரணத்தை உள்ளபடி தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது. பழுதான மிக்ஸிக்குப் "பிடிக்கவில்லை" என்று பதிந்தவரின் வழக்கு, அவர் கைப்படவே வலுவிழந்துவிடும்.