முதல் வரி எழுத வராத ஏணிக் கணக்கு: மாலை வகுப்பு மாணவர்களுக்குச் சில அறிவுரைகள்

மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்திருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கோவைப் பக்கம் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்துப் பல வருடம் ஆனவர். மெக்கானிக்ஸ் புத்தகத்தில் ஒரு கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தார்:

"சார், வணக்கம். ஷிப்ட் முடிச்சுட்டு நேரா கிளாசுக்குப் போறேன். சார் போர்டுல போடும்போது புரியுது. வீட்டுல தனியா உட்கார்ந்தா முதல் வரிகூட எழுத வரலை. எந்த ஃபார்முலான்னே தெரியலை. எங்க ஆரம்பிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க சார்."

கணக்கு இதுதான்: 5 மீட்டர் நீளமும் 200 நியூட்டன் எடையும் கொண்ட சீரான ஏணி ஒன்று மழமழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சொரசொரப்பான தரையில் இருக்கிறது. 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் ஏணியின் வழியே 4 மீட்டர் ஏறி நிற்கிறார். ஏணி வழுக்காமல் இருக்கத் தரையின் உராய்வுக் கெழு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்?

அவருக்குச் சொன்னதையே, இதே இடத்தில் திகைத்து நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்படி வரிசையாக எழுதுகிறேன்.

1. போட்டோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கேள்வியை நோட்டில் எழுதுங்கள்.

போன் திரையில் கேள்வியைப் பெரிதாக்கினால் படம் மறைகிறது. படத்தைப் பெரிதாக்கினால் கேள்வி மறைகிறது. முழுக் கணக்கும் ஒரே நேரத்தில் கண்முன் இருப்பதே இல்லை. அதனால் கேள்வியைத் துண்டு துண்டாக, வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது மெக்கானிக்ஸில் என்ன சொல்கிறது என்று குறியுங்கள்.

தம்பி அனுப்பிய போட்டோவில் எண்களுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். 'மழமழப்பான' என்ற சொல்லில் ஒரு கோடுகூட இல்லை. எண்களைப் போலவே அந்தச் சொல்லும் கொடுக்கப்பட்ட விவரம்தான். சுவரில் உராய்வு கிடையாது, சுவர் தனக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ளும் என்பது அதன் பொருள். 'வழுக்காமல்' என்றால் ஏணி சமநிலையில் இருக்கிறது. 'குறைந்தபட்சம்' என்றால் வழுக்கத் தொடங்கும் விளிம்பில் நிற்கும் நிலையைக் கேட்கிறார்கள். இந்த மூன்று சொற்களையும் எழுதி முடித்தாலே கணக்கின் பாதி நோட்டில் வந்துவிடும்.

2. ஃபார்முலாவைத் தேடாதீர்கள். ஏணியை மட்டும் தனியே பிரித்து வரையுங்கள்.

வகுப்பில் ஃப்ரீ பாடி டயகிராம் என்று சொல்வார்களே, அதுதான் இந்தக் கணக்கின் முதல் வரி. சுவரையும் தரையையும் ஆளையும் விட்டுவிட்டு, ஏணிக்குச் சாய்வாக ஒரே ஒரு கோடு போடுங்கள். பிறகு அடியிலிருந்து உச்சிவரை போய், ஏணியை எது எது தொடுகிறது என்று பாருங்கள். தொடும் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அது தரும் விசையை அம்புக்குறியாகப் போடுங்கள்.

தரை ஏணியின் அடியை மேல்நோக்கித் தாங்குகிறது. அதை R என்று வையுங்கள். அதே அடியில் தரையின் உராய்வும் இருக்கிறது, அது F. உச்சியில் சுவர் ஏணியைக் கிடைமட்டமாக வெளியே தள்ளுகிறது, அது S. ஆளின் எடை 600, அவர் நிற்கும் இடத்தில் கீழ்நோக்கி. இவை தவிர, எதுவும் தொடாமலே செயல்படுவது ஏணியின் சொந்த எடை 200; சீரான ஏணி என்பதால் அது நட்டநடுவில். ஆக ஐந்து அம்புகள்.

F எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் ஏணியின் அடி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுப் பாருங்கள். சுவரை விட்டு வெளியே ஓடும். உராய்வு அதைத் தடுப்பது, எனவே சுவரை நோக்கி அம்பு போடுங்கள். சுவரின் விசையை ஏணியின் சாய்விலேயே போடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. மழமழப்பான சுவர் அப்படித் தள்ளாது.

3. கணக்கிடும் முன் தெரியாதவற்றை எண்ணுங்கள்.

படத்தில் தெரியாத விசைகள் R, F, S என மூன்று. ஒரே தளத்தில் சமநிலையில் இருக்கும் பொருளுக்கு நிபந்தனைகளும் மூன்று: மேல்-கீழ் விசைகள் சமம், இட-வல விசைகள் சமம், ஒரு புள்ளியைச் சுற்றிய திருப்புத்திறன்கள் சமம். மூன்றுக்கு மூன்று, எனவே விடை வரும். முதல் இரண்டையும் இப்போதே எழுதிவிடலாம்:

R = 200 + 600 = 800 நியூட்டன்

F = S

சுவரும் சொரசொரப்பாக இருந்திருந்தால் உச்சியில் மேல்நோக்கி இன்னொரு உராய்வு விசை சேர்ந்து, தெரியாதவை நான்காகியிருக்கும். அப்போது சமநிலை நிபந்தனைகள் மட்டும் போதாது. வழுக்கும் விளிம்பில் சுவரின் உராய்வு எவ்வளவு என்ற தகவலும் வேண்டும். எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள். கேள்வியில் ஒரு சொல்லை விட்டிருப்பீர்கள், அல்லது படத்தில் ஒரு அம்பை.

4. சைன், காஸ் மறந்திருந்தால் முக்கோணத்தை வைத்தே தொலைவை எடுங்கள்.

பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்களை இங்கே கோணம் பயமுறுத்தும். இந்தக் கணக்கில் கோணமே தேவையில்லை. ஏணி 5, அடி 3 என்றால் பிதாகரஸ் தேற்றப்படி உச்சியின் உயரம் 4 மீட்டர். ஏணி வழியே 5 மீட்டர் போனால் கிடைமட்டத்தில் 3 மீட்டர் நகர்கிறோம். ஒரு மீட்டருக்கு 0.6 மீட்டர். ஏணியின் நடு, அடியிலிருந்து 2.5 மீட்டர் தூரத்தில் இருப்பதால் கிடைமட்டத் தொலைவு 1.5 மீட்டர். ஆள் 4 மீட்டரில் நிற்பதால் அவருடையது 2.4 மீட்டர்.

ஏணி வழியே அளந்த தூரத்தையும் கிடைமட்டத் தூரத்தையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, படத்தின் கீழே தரைக்கோட்டில் 1.5, 2.4, 3 என்று மூன்று புள்ளிகளைக் குறித்துவிடுங்கள்.

5. திருப்புத்திறனை ஏணியின் அடியைச் சுற்றி எடுங்கள்.

எந்தப் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் விடை ஒன்றுதான், உழைப்புதான் மாறும். R, F இரண்டும் அடிப்புள்ளி வழியாகவே போகின்றன. அந்தப் புள்ளியைச் சுற்றி அவற்றுக்குத் திருப்பும் சக்தி இல்லை. இரண்டும் ஒரே வீச்சில் விலகிவிட, S மட்டும் மிஞ்சும். தெரியாத விசைகள் அதிகமாகக் கூடும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது இவ்வகைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி.

ஸ்பேனரில் நட்டு கழற்றும்போது, கை தரும் விசையை, நட்டிலிருந்து அந்த விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் கிடைப்பதே திருப்புத்திறன். இங்கே எடைகள் கீழ்நோக்கி இழுப்பதால் அவற்றுக்குக் கிடைமட்டத் தொலைவு. சுவரின் விசை கிடைமட்டமானது, எனவே அதற்கு 4 மீட்டர் உயரம்.

S × 4 = 200 × 1.5 + 600 × 2.4

S × 4 = 300 + 1440 = 1740

S = 435 நியூட்டன்

6. F = μR என்பதைக் கடைசிவரை எழுதாதீர்கள்.

உராய்வு என்றதும் கை தானாக F = μR என்று எழுதிவிடும். அது எப்போதும் உண்மையல்ல. ஏணி நிற்கும்வரை, நிற்கத் தேவையான அளவு உராய்வை மட்டுமே தரை தருகிறது. μR என்பது தரையால் தர முடிந்த உச்ச அளவு. தேவை அந்த உச்சத்தைத் தாண்டும்போது ஏணி வழுக்கும்.

நம் ஏணிக்குத் தேவை 435 நியூட்டன், ஏனென்றால் F = S. குறைந்தபட்சக் கெழுவைக் கேட்டிருப்பதால் தேவையும் உச்சமும் சமமாகும் நிலையைப் பிடிக்கிறோம். சமன்பாடு இப்போதுதான் உள்ளே வருகிறது:

μ = 435 ÷ 800 = 0.54

7. ஆளை ஏணியில் மேலும் கீழும் நகர்த்தி விடையைச் சோதியுங்கள்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கிறதா என்று தேட வேண்டாம். அதே சமன்பாட்டில் ஆள் அடிப்படியில் நின்றால் என்ன என்று பாருங்கள். அவர் எடைக்குத் தொலைவு பூஜ்யம். S 75 நியூட்டன், தேவையான கெழு 0.09. உச்சியில் நின்றால் தொலைவு 3 மீட்டர். S 525, கெழு 0.66. நம் விடை 0.54 இரண்டுக்கும் நடுவில், உச்சிக்குப் பக்கமாக இருக்கிறது. ஆளும் உச்சிக்குப் பக்கமாகத்தான் நிற்கிறார். பொருந்துகிறது.

நான்காவது அறிவுரையில் சொன்ன குழப்பத்தில் விழுந்து, கிடைமட்டத் தொலைவுக்குப் பதில் 2.5, 4 என்று போட்டிருந்தால் கெழு 0.91 வந்திருக்கும். உச்சியில் நிற்பவருக்கே 0.66 போதும் எனும்போது, அவருக்குக் கீழே நிற்பவருக்கு அதைவிட அதிகம் தேவைப்படாது. பிழை அங்கேயே பிடிபடும்.

மேலே ஏற ஏற ஏணி வழுக்கும் ஆபத்து கூடுவது ஏன் என்பதும் இதிலேயே தெரிகிறது. தரை தாங்கும் 800 மாறுவதில்லை. தேவைப்படும் உராய்வு மட்டும் ஏறுகிறது. கீழ்ப்படிகளில் ஆடாமல் நின்ற ஏணி, மேலே போனதும் அடி விலகுவதற்குக் காரணம் இதுதான்.

8. மறுபடி கேட்கும்போது, நின்ற இடத்தை எழுதி அனுப்புங்கள்.

புத்தகப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால், பதில் சொல்பவருக்கு உங்கள் சிக்கல் எதுவென்று தெரியாது. முழுக் கணக்கையும் அவரே போட்டுத் தந்துவிடுவார், நீங்கள் மறுபடி போர்டைப் பார்க்கும் நிலைக்கே வந்துவிடுவீர்கள். உங்கள் நோட்டில் வரைந்த படத்தை அனுப்புங்கள். "ஐந்து விசை போட்டுட்டேன் சார், ஆளோட தொலைவு மட்டும் எடுக்கத் தெரியலை" என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். மற்றதை நீங்களே முடிப்பீர்கள்.

இப்போது ஒரு கணக்கு உங்களுக்கு. உச்சி அதே 4 மீட்டர் உயரத்தில், அடி சுவரிலிருந்து 1 மீட்டர் மட்டும் தள்ளி இருக்கட்டும். உயரத்தில் நாலில் ஒரு பங்கு அடியைத் தள்ளிவை என்பது வேலைத்தளங்களில் சொல்லும் பாதுகாப்பு விதி. எடைகள் அதேதான், ஆள் ஏணியில் ஐந்தில் நாலு பங்கு ஏறி நிற்கிறார். படம், ஐந்து அம்புகள், தரைக்கோட்டில் புள்ளிகள் என்று இதே வரிசையில் போங்கள். கெழு 0.18 வர வேண்டும். வராவிட்டால், முதலில் தரைக்கோட்டில் 0.5, 0.8 என்று குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.