வீட்டிலிருந்து வேலை: மேனேஜரிடம் கேட்பது எப்படி?

கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சப்ளையர் பில்களைப் பதிவு செய்யும் ஒருவர், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வரும் அலுப்பைச் சொன்னால் மேனேஜர் அனுதாபப்படுவார், அவ்வளவுதான். பில்லையும் பர்சேஸ் ஆர்டரையும் வரிவரியாக ஒப்பிடும்போது ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவதால் பில்கள் தேங்குகின்றன என்று சொல்லுங்கள். அது அவருடைய தலைவலியும்கூட. கைக்குழந்தை இருந்தால், வேலை நேரத்தில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2. திங்கள், வெள்ளி கேட்காதீர்கள். நீண்ட வாரவிடுமுறைக்கு வழி தேடுவதாகவே தோன்றும். செவ்வாயும் வியாழனும் நல்லது. டி.டி.எஸ். கட்டும் 7-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கான 11, 3பி-க்கான 20 ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் ஆபீசுக்கே வருவதாகச் சொல்லுங்கள்.

3. கேட்பதற்கு முந்தைய நான்கு வாரக் கணக்கை முதலில் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் பிறகு எதோடு ஒப்பிடுவது? நாளொன்றுக்குச் சராசரியாக 40 பில், அதில் 100-க்கு 3 தவறு என்று திரும்பி வருகிறது என்று வைத்துக்கொண்டால், வாக்குறுதி இப்படி இருக்கலாம்: "வீட்டு நாட்களிலும் 40-க்குக் குறையாது, திரும்புவது 100-க்கு 3-ஐத் தாண்டாது, சப்ளையர் கேள்விக்கு அன்றே பதில் போகும்."

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுலபமான பில்களை வீட்டு நாளுக்கென்று ஒதுக்கினால் எண்ணிக்கை தானாக ஏறும்; விவரம் தெரிந்த மேனேஜர் உடனே கண்டுபிடித்துவிடுவார். வந்த வரிசையிலேயே எடுங்கள்.

4. சோதனைக் காலம் ஆறு வாரம் போதும். வீட்டு நாட்கள் பன்னிரண்டு வரை கிடைக்கும், ஒரு மாதக் கடைசியும் உள்ளே வந்துவிடும். ஆனால் பதிவில் நேர்ந்த தவறு பெரும்பாலும் பணம் போகும் சமயத்தில்தான் வெளிப்படும். அதனால் ஆறாவது வாரமே முடிவு கேட்காமல், எட்டாவது வாரம் உட்கார்ந்து பேசத் தேதி குறியுங்கள். நடுவில் சரிப்படவில்லை என்றால் ஒரு வார அவகாசத்தில் அவரே நிறுத்தலாம் என்றும் எழுதுங்கள். அந்த வரி இருந்தால் தயங்குகிறவரும் சம்மதிப்பார்.

5. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும். அது செவ்வாயிலோ வியாழனிலோ வந்தால் ஆபீசுக்குப் போய்விடுங்கள். மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். இருக்கட்டும்.

6. நேரில் பேசிவிட்டு, அன்று மாலையே மெயில் அனுப்புங்கள். "சார், காலையில் பேசியபடி..." என்று தொடங்கி நாட்கள், மூன்று அளவுகள், சோதனைக் காலம், நடுவில் நிறுத்தலாம் என்ற வரி, சந்திக்கும் தேதி, இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்கட்டும். அவர் அதை ஹெச்.ஆருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்துவிடுவார்.