பூட்டைத் திறந்தவர் அலுவலகத்தில்தான் இருந்தாரா?

நம்பிக்கை: ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தால் லாகின் வகை 10 என்றுதான் பதிவாகும். 10 இல்லையென்றால் ஆள் நேரில் வந்திருக்கிறார்.

இந்த நம்பிக்கை ஒருவருடைய வேலையையே பறித்துவிடும். நான் மறுபடி பார்க்க நேர்ந்த ஒரு விசாரணையில் அது நடக்க இருந்தது. கணக்குப் பிரிவு ஊழியர் வெள்ளிக்கிழமை மாலை கணினித் திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். லாக்-ஆஃப் செய்யவில்லை. சனிக்கிழமை இரவு அந்தக் கணினியிலிருந்து கோப்புகள் வெளியே போயிருந்தன. செக்யூரிட்டி லாகில் 9:42 மணிக்கு அவர் பெயரில் ஒரு 4624, அதாவது வெற்றிகரமான லாகின். வகை 7. அதற்குப் பொருள் 'பூட்டிய திரை திறக்கப்பட்டது'. அன்றிரவு முழுவதும் 10 எங்குமே இல்லை. "இரவில் அலுவலகத்துக்கு வந்து திறந்திருக்கிறார்" என்று முதல் அறிக்கை எழுதிவிட்டது.

உண்மை: விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஒரு கணக்கின் செஷன் ஏற்கெனவே திறந்திருந்தால், அதே கணக்கில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருகிறவருக்குப் புதுச் செஷன் கிடைக்காது, பழையதே கைமாறும். விண்டோஸைப் பொறுத்தவரை அது பூட்டைத் திறப்பதுதான். அதனால் பல சமயம் 10-க்குப் பதிலாக 7 விழும்.

விடை அதே பதிவில், கொஞ்சம் கீழே இருந்தது. `Source Network Address` என்ற இடத்தில் 10.8.0.14 என்று ஒரு முகவரி. அது அலுவலக விபிஎன் வழங்கும் முகவரி. விசைப்பலகையில் கடவுச்சொல் அடித்துத் திறந்திருந்தால் அங்கே வெறும் கோடோ 127.0.0.1-ஓ இருந்திருக்கும். சில நொடிகளுக்கு முன்னால் அதே கணக்கில், அதே முகவரியிலிருந்து ஒரு வகை 3 பதிவும் இருந்தது. என்எல்ஏ இயங்கும் கணினியில் திரை தெரியும் முன்பே கடவுச்சொல் நெட்வொர்க் வழியாகச் சரிபார்க்கப்படுவதால் வருகிற பதிவு அது. (இதே காரணத்தால், ரிமோட் டெஸ்க்டாப்பில் தவறான கடவுச்சொல் போட்டு முயன்றவர்களின் 4625 பதிவுகளும் பெரும்பாலும் 3 என்றே வரும். 10-ஐ மட்டும் வடிகட்டித் தேடுகிறவர் கண்ணில் அவை படாது.)

அடுத்து, செஷன்களுக்கென்றே தனியாக உள்ள லாகைத் திறந்தோம்:

```
wevtutil qe Microsoft-Windows-TerminalServices-LocalSessionManager/Operational /q:"*[System[(EventID=21 or EventID=25)]]" /f:text /rd:true
```

21 என்றால் செஷனில் புதிய லாகின். 25 என்றால் பழைய செஷனுக்குத் திரும்ப இணைந்தது. 9:42-க்கு ஒரு 25, அதிலும் 10.8.0.14. இங்கேயும் எச்சரிக்கை தேவை: 21 என்ற எண்ணைப் பார்த்ததும் 'ரிமோட்' என்று எழுதிவிடக் கூடாது. நேரில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் 21 விழும். அப்போது முகவரி இடத்தில் `LOCAL` என்று இருக்கும். எண்ணையும் முகவரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை: வகை 2 என்றால் விசைப்பலகை முன் ஆள் இருந்தார்.

உண்மை: `DWM-3`, `UMFD-3` போன்ற பெயர்களில் வரும் வகை 2 பதிவுகள் மனிதர்களுடையவையே அல்ல. புதுச் செஷனுக்குத் திரை வரைய விண்டோஸே உருவாக்கும் கணக்குகள் அவை. ரிமோட் டெஸ்க்டாப் செஷன் பிறக்கும்போதும் வரும். எனிடெஸ்க் போன்ற செயலி வழியாக ஒருவர் தொலைவிலிருந்து திரையைப் பிடித்து லாகின் செய்தால், விண்டோஸ் அதையும் நேரடி லாகினாகவே எழுதும். அந்தச் செயலியின் சொந்த லாகையும் பார்க்காமல் 'நேரில்' என்று சொல்ல வழியில்லை.

நம்பிக்கை: 127.0.0.1 என்றால் உள்ளிருந்து வந்தது.

உண்மை: வகை 7-இல் அது இயல்பு. வகை 10-இல் இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். யாரோ சுரங்கவழி போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பை அந்தக் கணினிக்குள்ளிருந்தே வருவதுபோல் காட்டியிருக்கக்கூடும்.

அந்த ஊழியர் மீதான 'நேரில் வந்தார்' என்ற வரி அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. 10.8.0.14-ஐ அன்றிரவு யார் பெற்றார் என்பதை விபிஎன் பதிவேடுதான் சொல்ல முடியும். விண்டோஸ் லாகுக்குக் கணக்கின் பெயர் தெரியும், கையின் சொந்தக்காரர் தெரியாது.

கணினிகளைப் பராமரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்ப இணைந்த கணினியின் பெயரையும் முகவரியையும் சேர்த்துத் தரும் 4778 அந்த விசாரணையில் கிடைக்கவே இல்லை. `Audit Other Logon/Logoff Events` இயல்பாக அணைந்தே இருக்கும். அங்கும் அப்படியே விட்டிருந்தார்கள். உங்கள் கணினிகளில் அதை இன்றே இயக்கிவையுங்கள்.